ஒரு சென்ரிமீற்றர் என்றால் 60 லீற்றர்: எங்கள் தொடர்மாடித் தாங்கியில் ஒழுக்குத் தேடிய அனுபவம்

போன ஆவணி மாதம் எங்கள் தொடர்மாடிக் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கியது. தேத்தண்ணி குடித்தபோதுதான் முதலில் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரியில் பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அதைத்தான் வருடம் முழுவதும் இறைக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். ஆகவே எங்கோ தேவைக்கு மேல் தண்ணீர் போகிறது என்று நினைத்தோம். எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் கட்டடம் கொக்குவிலில் இருக்கிறது. நிலத்தளமும் மூன்று மாடிகளும், தளத்துக்கு 3 வீடாக மொத்தம் 12 வீடு. கிணற்றிலிருந்து ஒரு மோட்டர் கீழ்த்தாங்கிக்கு இறைக்கும். தோண்டினால் கல் என்பதால் கீழ்த்தாங்கியை நிலத்துக்கு மேலேயே கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து இன்னொரு ஒரு குதிரைவலு மோட்டர் மொட்டைமாடியில் இருக்கிற சீமெந்துத் தாங்கிக்கு ஏற்றும். மேல்தாங்கியில் மிதவைச் சுவிட்ச் உண்டு. தண்ணீர் 60 சென்ரிமீற்றருக்கு இறங்கினால் மோட்டர் ஓடும், 110க்கு ஏறினால் நிற்கும். அந்த ஆவணியில் மோட்டர் நாளுக்கு ஐந்தாறு தரம் ஓடியது. நடுச்சாமத்திலும் ஒரு தரம். பொது மீற்றரின் கரண்ட் பில் கூடிக்கொண்டே போனது. கீழ்வீட்டு மாமி மேல்வீட்டாரைப் பார்த்து, "எந்த நேரமும் உடுப்புத் தோய்க்கிறியள்" என்றார். மேல்வீட்டார் கீழ்வீட்டுப் பூக்கன்றுகளைக் காட்டினார்கள். முகாமைத்துவக் குழுவில் தண்ணீர் என் பொறுப்பு. யார் பக்கமும் பேச என்னிடம் ஒரு இலக்கம்கூட இருக்கவில்லை.

அதனால்தான் தாங்கிக்குச் சென்சர் வைத்தோம். பொறியியல் படிக்கிற மருமகன் பொருத்தித் தந்தான். `JSN-SR04T` என்ற ஈரம் தாங்கும் சென்சரும் `ESP32` என்ற வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகையும்தான் சாமான். சென்சர் தாங்கியின் மூடியில் இருந்து கீழ்நோக்கி ஒலியை அனுப்பும். தண்ணீர்ப் பரப்பில் பட்டு எதிரொலி திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். நிமிடத்துக்கு ஏழு தரம் அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கிற அளவை மட்டும் எழுதும். சராசரி எடுக்காமல் நடு அளவை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மோட்டர் ஓடும்போது தண்ணீர் விழுந்து பரப்பு கலங்குவதால் ஒன்றிரண்டு அளவு எங்கேயோ போய் நிற்கும். சராசரியை அது கெடுத்துவிடும், நடு அளவை அசைக்காது.

பொருத்தும்போது இரண்டு விசயத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது. இந்தச் சென்சருக்கு முகத்துக்கு நேரே 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை கண் தெரியாது. தண்ணீர் அதைவிடக் கிட்ட வந்தால் வாய்க்கு வந்த இலக்கத்தைச் சொல்லும். வழிகிற தாங்கியைக் கண்டுபிடிக்க வைத்த சாமான் வழிகிற நேரத்தில் குருடாகிப்போனால் பிரயோசனம் இல்லை. ஆகவே மூடிக்கு மேல் ஒரு பெட்டி அடித்து, சென்சரைத் தாங்கியின் தரையிலிருந்து சரியாக 150 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தோம். வழிவுக் குழாய் 118 சென்ரிமீற்றரில் இருக்கிறது. அந்த மட்டத்திலும் 32 சென்ரிமீற்றர் இடைவெளி மிஞ்சும். மற்றது, ஒலி விரிந்து போவதால் மிதவைச் சுவிட்சின் கயிறும் ஏணிப்படியும் எதிரொலி கொடுக்கும். முதல் நாள் முழுக்கத் தாங்கி 72 சென்ரிமீற்றரிலேயே நின்றதாக எழுதியது. அது தண்ணீர் இல்லை, ஏணியின் ஒரு படி. சென்சரை ஏணி இல்லாத மூலைப்பக்கம் நகர்த்திய பிறகு சரியாயிற்று.

தாங்கியின் உள்ளளவு 3 மீற்றருக்கு 2 மீற்றர். பரப்பு 6 சதுர மீற்றர். அதாவது தண்ணீர் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் 60 லீற்றர் போயிருக்கிறது. தாங்கிச் சென்சர் வைக்கிற எவரும் முதலில் செய்ய வேண்டிய கணக்கு இதுதான். 'நூற்றுக்கு இத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது' என்று ஃபோனில் காட்டுகிற படம் ஒழுக்குத் தேட உதவாது. எங்கள் மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 லீற்றர் ஏற்றும். ஆகவே ஓடும்போது நிமிடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் ஏற வேண்டும். இந்த இரண்டு இலக்கமும் பிறகு எல்லா இடத்திலும் கைகொடுத்தன.

பகலில் பார்த்து ஒழுக்கைப் பிடிக்க முடியாது. பன்னிரண்டு வீட்டில் யாரோ ஒருவர் எந்த நேரமும் குழாயைத் திறந்திருப்பார். ஊர் உறங்குகிற நேரம்தான் பார்க்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் இரவு 1.30 முதல் 4.00 மணி வரை. 4 மணிக்குப் பிறகு கோயிலுக்குப் போகிறவர்கள் எழும்பிவிடுவார்கள். இடையில் யாரும் எழும்பி ஒரு தரம் தண்ணீர் அடித்தாலும் அது பத்து லீற்றருக்குள்தான். சென்சருக்கு அது தெரியவே தெரியாது. அந்த இரண்டரை மணித்தியாலத்தில் தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற வரைபடக் கோடு படுத்திருக்க வேண்டும். படுக்காமல் சரிந்தால் தண்ணீர் போகிறது.

ஆனால் அந்தச் சரிவை நம்புவதற்கு முன் நான் ஒரு பெரிய பிழை செய்யப் பார்த்தேன். முதல் ஐந்து நாளும் மாலையிலிருந்து விடியும்வரை கோடு சரிந்துகொண்டே வந்தது. தாங்கியின் தரை வெடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, உள்பூச்சுச் செய்ய மேசனிடம் விலையும் கேட்டுவிட்டேன். மருமகன்தான் மறித்தான். "மாமா, ஒருக்கா எல்லா வால்வையும் பூட்டிப்போட்டுப் பாப்பம்."

மேல்தாங்கியிலிருந்து மூன்று இறக்கக் குழாய்கள் போகின்றன. ஒவ்வொன்றிலும் நாலு வீடு. எல்லோரையும் வாளியில் தண்ணீர் பிடித்துவைக்கச் சொல்லிவிட்டு, இரவு 10 மணிக்கு மோட்டரின் பிரேக்கரை இறக்கினோம், மூன்று வால்வையும் பூட்டினோம். உள்ளே இரும்பு அளவுநாடாவை இறக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சுவரில் பென்சிலால் கோடு போட்டோம். விடிய 4 மணிக்கு ரோர்ச் லைற்றோடு ஏறிப் பார்த்தால் தண்ணீர் பென்சில் கோட்டிலேயே நிற்கிறது. சென்சரோ ஒரு சென்ரிமீற்றர் இறங்கிவிட்டதாகச் சொல்கிறது. 60 லீற்றர், காற்றில் போன 60 லீற்றர்.

காரணம் வெப்பநிலை. காற்று குளிர்ந்தால் ஒலி மெதுவாகப் போகும். எதிரொலி பிந்தி வரும். சென்சர் அதை 'தண்ணீர் தூரப் போய்விட்டது' என்று விளங்கிக்கொள்ளும். மொட்டைமாடித் தாங்கியின் உள்காற்று மத்தியானம் 38 பாகை வரை ஏறி விடியற்காலையில் 27 பாகைக்கு இறங்குவதைப் பிறகு அளந்து கண்டோம். தண்ணீர் 90 சென்ரிமீற்றர் கீழே நிற்கும்போது இந்த வித்தியாசம் மட்டுமே ஒன்றேமுக்கால் சென்ரிமீற்றர் பொய்யைக் காட்டும். நூறு லீற்றருக்குக் கிட்ட. தாங்கி நிரம்பித் தூரம் 40 சென்ரிமீற்றராக இருந்தால் பொய்யும் பாதிக்குக் குறைவு. ஆகவே உங்கள் கோடு இரவில் மட்டும் சரிந்து, வெயில் ஏற ஏற ஒருவரும் இறைக்காமலே மட்டம் உயர்வதாகக் காட்டினால், அல்லது தாங்கி குறைவாக இருக்கிற இரவுகளில் மட்டும் சரிவு பெரிதாக இருந்தால், மேசனைக் கூப்பிட வேண்டாம். `DS18B20` என்ற சின்ன வெப்பமானியைத் தாங்கிக்குள் காற்றில் தொங்கவிட்டு, கணக்கை இப்படி மாற்றினோம்:

```
v = 331.3 + 0.606 * T    # m/s, T = °C
d = v * t / 2            # t = s
h = 1.50 - d             # m
L = h * 6.0 * 1000
```

அடுத்த முறை வால்வுகளைப் பூட்டிப் பார்த்தபோது ஆறு மணித்தியாலத்தில் கோடு 2 மில்லிமீற்றர்கூட நகரவில்லை. தாங்கியில் வெடிப்பு இல்லை என்பது அந்த இரவோடு முடிவாயிற்று. சென்சர் வாங்கினால் இந்தப் பூட்டிப் பார்க்கிற சோதனையை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் அது சொல்வதை நம்பலாம்.

அடுத்த இரவு மோட்டரை மட்டும் நிறுத்தி, வால்வுகளைத் திறந்து விட்டோம். 1.30 முதல் 4.00 வரை 5 சென்ரிமீற்றர் சரிந்தது. கோடு நேராக, ஒரே சாய்வில், மணிக்கு 2 சென்ரிமீற்றர். ஆட்கள் பாவித்திருந்தால் படிப்படியாக இறங்கியிருக்கும். ஒரே சாய்வு என்றால் ஏதோ ஒன்று ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 120 லீற்றர், நிமிடத்துக்கு 2 லீற்றர், நாளுக்கு 2,880 லீற்றர். எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரு நாளைக்கு 6,000 லீற்றரளவு போதும். அதற்கு மேலே அதன் அரைவாசிக்குக் கிட்டச் சத்தமில்லாமல் போயிருக்கிறது.

எந்த வீடு என்று கண்டுபிடிக்க இரவுக்கு ஒரு இறக்கக் குழாயைப் பூட்டினோம். ஒரே இரவில் மூன்றையும் மாற்றி மாற்றிப் பூட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணித்தியாலம்தான் கிடைக்கும், ஒன்றரைச் சென்ரிமீற்றர் வித்தியாசத்தை வைத்து ஒரு வீட்டைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழு இரண்டரை மணித்தியாலம் என்றால் ஐந்தா, பூச்சியமா என்று சந்தேகமில்லாமல் தெரியும். முதல் குழாயைப் பூட்டிய இரவில் அதே 5 சென்ரிமீற்றர். இரண்டாவதைப் பூட்டிய இரவில் அரைச் சென்ரிமீற்றர். அந்தக் குழாயில் உள்ள நாலு வீட்டில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர் கனடாவில். நடைபாதைக் குழாய்க்கூண்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வால்வ் இருக்கிறது. மூன்றாம் இரவு அந்தப் பூட்டின வீட்டின் வால்வை மட்டும் அடைத்தோம். கோடு படுத்தது.

திறப்பு வைத்திருந்த சொந்தக்காரரோடு உள்ளே போனோம். குளியலறை நிலம் காய்ந்து கிடந்தது. கொமோட்டின் சிஸ்ரேன் மூடியைத் தூக்கினால் உள்ளே மிதவை வால்வின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. வால்வ் முழுதாக மூடாமல் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. வந்த தண்ணீர் நடுவில் நிற்கிற வழிவுக் குழாய்க்குள் இறங்கி, கோப்பையின் பின்சுவர் வழியாகக் கண்ணாடித் தகடு மாதிரி மெல்லிசாக வடிந்து போகிறது. ஒரு துளிச் சத்தம் இல்லை. கடதாசித் துண்டு ஒன்றைச் சுவரில் ஒட்டிப் பார்த்தபோதுதான் அது இழுபட்டுப் போவது தெரிந்தது. ஆட்கள் இருந்த வீடு என்றால் யாராவது கவனித்திருப்பார்கள். எங்கள் தண்ணீர் கல்லுத் தண்ணீர், இந்தப் படிவு எல்லா வீட்டிலும் வரும். வெளிநாடு போகிறவர்கள் கூண்டில் உள்ள வால்வைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அன்றைக்கே குழுவில் முடிவெடுத்தோம்.

நாளுக்கு ஐந்தாறு தரம் ஓடிய மோட்டர் நாலுக்கு வந்தது. எல்லோருக்கும் சந்தோசம். எனக்குக் கணக்கு இடித்தது. 60இலிருந்து 110க்கு ஏறுவது என்றால் 50 சென்ரிமீற்றர், 3,000 லீற்றர். நாளுக்கு 6,000 லீற்றர் பாவிக்கிற கட்டடத்துக்கு இரண்டு தரம் ஓடினால் போதும். மற்ற இரண்டும் யாருக்காக ஓடுகின்றன? இரவுக் கோடு படுத்திருக்கிறது, ஆகவே ஒழுக்கு இல்லை. ஆனாலும் மோட்டர் இரண்டு மடங்கு ஓடுகிறது.

பழைய பதிவுகளைத் திரும்ப எடுத்து, இம்முறை மோட்டர் நின்ற நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் 110இல் நின்றவுடன் கோடு சரேலென்று இறங்குகிறது. மூன்று நிமிடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர். இதை நான் முதலிலேயே கண்டிருந்தேன். மோட்டர் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் நிற்பதால் ஆட்கள் குளிக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிட்டேன். இரவு 10 மணிக்குப் பிறகு மோட்டர் நின்ற ஒரு நாளின் கோடுதான் உண்மையைக் காட்டியது. 110இலிருந்து ஒரே வேகத்தில் இறங்கி, ஒன்றேகால் மணித்தியாலம் கழித்து 85இல் சட்டென்று நின்று, அப்படியே படுத்துவிட்டது. அடுத்தடுத்த நாட்களிலும் பார்த்தேன். பகலில் பாவனை இருப்பதால் கோடு நிற்கவில்லை, ஆனால் 85ஐத் தாண்டியதும் சாய்வு மாறுகிறது. எல்லா நாளும் அதே 85.

ஒரு ஒழுக்கு எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்றால், தண்ணீர் வெளியே போகிற வாய் அந்த உயரத்தில் இருக்கிறது. தாங்கிச் சுவரில் 85 சென்ரிமீற்றரில் வெடிப்பு இருக்கலாம். ஆனால் அதை முன்பே சோதித்துவிட்டோம், இறக்கக் குழாய்களைப் பூட்டிய இரவில் பென்சில் கோடு அசையவில்லை. பிறகுதான் அந்தப் பதிவைத் திருப்பிப் பார்த்தேன். அன்று இரவு நாங்கள் சோதனை தொடங்கும்போது தண்ணீர் 78இல் நின்றிருக்கிறது. 85க்கு மேலே என்ன நடக்கிறது என்று அந்தச் சோதனை சொல்லவே இல்லை.

மிச்சம் இருந்தது மோட்டரிலிருந்து ஏறி வருகிற குழாய். மேல்தாங்கி மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துப் பார்த்தேன். ஏற்றக் குழாய் தாங்கியின் மேல்விளிம்பால் உள்ளே வருகிறது. வந்த இடத்தில் முழங்கை போட்டு, ஒரு துண்டுக் குழாயைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். அளவுநாடாவை வைத்தேன். அதன் நுனி தரையிலிருந்து 85 சென்ரிமீற்றர். மூன்றாம் மாடி அக்கா சொன்னா, "அது தம்பி, முந்தி தண்ணி விழுற சத்தத்தில நித்திரை கொள்ளேலாது. பிளம்பரைக் கூப்பிட்டு நான்தான் இறக்குவிச்சனான்."

சத்தம் குறையக் குழாயைத் தண்ணீருக்குள் இறக்கியதில், குழாய் வந்த வழியே தண்ணீரைத் திரும்ப உறிஞ்சத் தொடங்கியிருக்கிறது. மோட்டர் நின்றதும் குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. மேல்நுனி மேல்தாங்கித் தண்ணீருக்குள், கீழ்நுனி மோட்டர் வழியாகக் கீழ்த்தாங்கிக்குள். பெற்றோல் தாங்கியில் ஹோஸ் போட்டு வாயால் இழுத்து விடுவார்களே, அதே வேலை. கீழே திரும்பாமல் தடுக்கத்தான் ஒரு வால்வ் இருக்கிறது, பிளம்பர்மார் என்.ஆர்.வி. என்பார்கள். அதிலும் படிவு பிடித்து நாக்கு முழுதாக மூடவில்லை. தண்ணீர் நுனிக்குக் கீழே இறங்கியதும் காற்றுப் புகுந்து உறிஞ்சல் அறுகிறது. அதுதான் அந்த 85.

உறுதிப்படுத்துவதற்காகக் கீழ்த்தாங்கிக்கும் ஒரு சென்சர் வைத்தோம். அதன் பரப்பு 10 சதுர மீற்றர். கிணற்று மோட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தால், மேலே 25 சென்ரிமீற்றர் இறங்க இறங்க, கீழே 15 சென்ரிமீற்றர் ஏறுகிறது. மேலே 1,500 லீற்றர் குறைவு, கீழே 1,500 லீற்றர் கூட. மோட்டர் நின்ற பிறகு குழாயில் காதை வைத்தால் உள்ளே 'சொய்' என்று ஓடுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு நாளும் ஒருவரும் ஈரத்தைக் காணாததற்குக் காரணம், இதில் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. ஏற்றிய தண்ணீரில் பாதியைத் திரும்ப இறக்கி, திரும்பவும் ஏற்றிக்கொண்டிருந்தோம். தரம் ஒன்றுக்கு 25 நிமிட ஓட்டம் வீண். நாலு தரத்துக்கு 100 நிமிடம், ஏறத்தாழ 2 யூனிட் கரண்ட், ஒவ்வொரு நாளும். மோட்டரின் தேய்மானம் வேறு.

திருத்தம் சின்னது. என்.ஆர்.வி.யைக் கழற்றி மாற்றினோம். அது மட்டும் போதாது, எங்கள் தண்ணீரில் புது வால்விலும் படிவு பிடிக்கும். ஆகவே இறக்கிய துண்டுக் குழாயை வழிவு மட்டத்துக்கு மேலே வெட்டிவிட்டோம். வெட்ட வசதியில்லாத இடத்தில், முழங்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே 6 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டாலும் காற்றுப் புகுந்து உறிஞ்சல் அறும். மோட்டர் ஓடும்போது அந்தத் துளையால் தண்ணீர் பீறும் என்பதால் அதைத் தாங்கியின் உட்பக்கம் பார்க்கப் போட வேண்டும். அன்றிலிருந்து மோட்டர் நாளுக்கு இரண்டு தரம்தான்.

மிதவைச் சுவிட்ச் மூன்றாவதாகக் காட்டிக்கொடுக்கப்பட்டது. கார்த்திகை அடைமழையில் அதன் கயிறு சிக்கி, மோட்டர் நிற்காமல் ஓடியது. மழை நாளில் வழிவுக் குழாயால் தண்ணீர் கொட்டினால் யாருக்குத் தெரியும்? கோட்டில் தெரிந்தது. நிமிடத்துக்கு ஒன்றாக ஏறி வந்த மட்டம் 110ஐத் தாண்டி 118இல் தட்டையாக நின்றது. மோட்டர் நின்று போயிருந்தால் பாவனையால் அது இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் மேலே தட்டையாக நிற்கிறது என்றால் வருகிற அவ்வளவும் வழிகிறது. இப்போது மோட்டரின் வயரில் ஒரு மின்னோட்ட உணரியையும் மாட்டி, மோட்டர் ஓடுகிறதா என்பதையும் எழுதுகிறோம். மோட்டர் ஓடி, ஐந்து நிமிடமாக மட்டம் நகரவில்லை என்றால் என் ஃபோனுக்கும் காவலாளி அண்ணையின் ஃபோனுக்கும் செய்தி வரும். 118இல் நகரவில்லை என்றால் வழிகிறது. அதற்குக் கீழே நகரவில்லை என்றால் மோட்டர் வெறுமனே சுற்றுகிறது: கீழ்த்தாங்கி காலியாகியிருக்கும், அல்லது காற்று அடைத்திருக்கும். காலையில் எல்லோரும் குளிக்கிற நேரத்தில் ஏற்றம் மெதுவாக இருக்கும், ஆனால் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றதை நான் இதுவரை காணவில்லை.

மோட்டரை நிறுத்துகிற வேலையைச் சென்சரிடம் கொடுக்கவில்லை. மருமகனுக்கு ஆசைதான். சென்சரின் முகத்தில் விடியற்காலை ஆவி படிந்து துளி பிடித்தால் அது பிழையாகச் சொல்லும், வைஃபை அறுந்தால் சொல்லவே சொல்லாது. நிறுத்துகிறது மிதவைச் சுவிட்ச்தான். அதுவும் சிக்கினால் அறுப்பதற்கு மோட்டர்ப் பெட்டியில் 90 நிமிட ரைமர் ஒன்று தனியாகப் பூட்டினோம். சாதாரண நாளில் மோட்டர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுவதில்லை, ஆகவே அந்த ரைமர் அறுத்தால் ஏதோ பிழை என்று அர்த்தம்.

இதால் பிடிக்க முடியாதவையும் உண்டு. மணிக்குப் பத்துப் பதினைந்து லீற்றர் போகிற ஒழுக்கு, ஒரு இரவில் அரைச் சென்ரிமீற்றர்தான் காட்டும். அதை ஒரு நாளில் நம்பமாட்டேன். 1.30க்கும் 4.00க்கும் உள்ள வித்தியாசத்தைக் கொப்பியில் நாளும் எழுதி, ஒரு கிழமை தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால்தான் தேடப் போவேன். கிணற்றிலிருந்து கீழ்த்தாங்கிக்கு மண்ணுக்குள்ளால் வருகிற குழாய் வெடித்தால் எந்தச் சென்சருக்கும் தெரியாது. அதற்குக் கிணற்று மோட்டர் ஓடும்போது கீழ்த்தாங்கி நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று மாதம் ஒரு தரம் பார்க்கிறேன். அந்த ஏற்றம் குறைந்தால் குழாயையோ கிணற்று மட்டத்தையோ பார்க்க வேண்டும்.

குழாயை வெட்டியதும் மூன்றாம் மாடி அக்காவுக்குப் பழையபடி சத்தம் கேட்கத் தொடங்கியது. திரும்பவும் இறக்கச் சொல்லிக் கேட்டுவந்தா. வெட்டின நுனிக்கு ஒரு முழங்கை போட்டுச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டோம். தண்ணீர் இப்போது நேரே விழாமல் சுவரோடு வழிந்து இறங்குகிறது. நுனி 125 சென்ரிமீற்றரில், தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. சத்தம் இல்லை என்று அக்கா சொன்னா.